ஜெர்மன் நர்ஸ் இன்டர்வியூ பயிற்சி: கேள்வி பதில் முழுக்க ஜெர்மன்ல, திருத்தம் மட்டும் தமிழ்ல

நம்ம மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மன் கிளாஸ் போற பிள்ளைக நிறைய பேரு இருக்காங்க. பி1 வரைக்கும் பாஸ் ஆயிடுறாங்க, ஆனா வீடியோ கால்ல ஆஸ்பத்திரிக்காரங்க கேள்வி கேக்கும்போது வாய் கட்டிப்போயிடுது. நான் செலக்ட் ஆனது இந்த முறைல தான். அங்க வேலை பாக்குற சித்தி மக அக்கா தான் எனக்கு கேள்வி கேட்டாங்க, இப்ப அதே மாதிரி என் தங்கச்சிக்கு நான் கேக்கேன். அதனால ரெண்டு பக்கமும் பாத்து எழுதுறேன். பயோடேட்டா, ஏஜென்சி, விசா பத்தியெல்லாம் இதுல இல்ல. பயிற்சி மட்டும் தான். ஜெர்மன் வாக்கியத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், உச்சரிப்பு தோராயமா தான் வரும், கிளாஸ்ல கேட்டதோட சேத்து வாசிச்சுக்கோங்க.

1. ஆளும் சாமானும்

கேள்வி கேக்க ஒரு ஆளு, ரெண்டு போனு, ஒரு நோட்டு. ஒரு போன்ல வீடியோ கால், இன்னொன்ன பக்கத்துல வச்சு வாய்ஸ் ரெக்கார்டர ஓட விடுங்க. வெறும் ஆடியோ கால் வேண்டாம், கேமராவப் பாத்து பேசுற கூச்சம் இங்கயே தீரணும். ஹெட்போன் போட்டா அவங்க கேக்குற கேள்வி ரெக்கார்டிங்ல விழாது, அதனால ஸ்பீக்கர்ல போட்டுட்டு கதவ சாத்திக்கோங்க. திருத்தத்துக்கு ஆப் எதுவும் தேட வேண்டாம். கோடு போட்ட நோட்டு தான் என் கட்சி, ஏன்னு மூணாவது ஸ்டெப்ல புரியும்.

கால் தொடங்குன நிமிஷத்துல இருந்து அக்கா அக்கா இல்ல. ஜெர்மன்ல நீ, நீங்க மாதிரி டூ, ஸீ இருக்கு, சொந்தக்காரங்கள டூ போட்டு பழகின வாய்க்கு இன்டர்வியூல ஸீ சட்டுனு வராது. அதனால கேள்வி கேக்குறவங்கள பேரு சொல்லாம "ஃப்ராவ்" போட்டு இனிஷியல் பேரால கூப்பிடுங்க, அவங்களும் உங்கள அப்படித்தான் கூப்பிடணும். இதுல ஒரு விசயம் இருக்கு. பாஸ்போர்ட்ல நமக்கு சர்நேம்னு பெரும்பாலும் அப்பா பேரு தான் இருக்கும், அப்பா பேரு செல்வராஜ்னா அவங்க "ஃப்ராவ் செல்வராஜ்"னு தான் கூப்பிடுவாங்க. முதல் தடவ கேட்டா யாரயோ கூப்பிடுற மாதிரி இருக்கும், என் தங்கச்சி பதிலே சொல்லாம இருந்துட்டா. பயிற்சில ஒவ்வொரு கேள்விக்கும் அந்த பேரச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க.

2. பதினஞ்சு நிமிஷம், தமிழ் கிடையாது

எல்லாரும் மாட்டுறது இங்க தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நீங்க தப்பா ஒரு வாக்கியம் சொன்ன உடனே கேக்குறவங்க "இல்ல மக்ளே, அது அப்படி இல்ல"ன்னு தமிழ்ல திருத்துவாங்க. நல்ல எண்ணத்துல தான் திருத்துறாங்க, ஆனா அந்த ஒரு தமிழ் வாக்கியம் வந்த உடனே மண்டை தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ போயிடும், அடுத்த பதில அங்க யோசிச்சு ஜெர்மனுக்கு மாத்த ஆரம்பிச்சிடுவீங்க, பதிலுக்கு முன்னால நீளமா ஒரு மௌனம் வரும். ரெக்கார்டிங்க கேட்டா இது தெளிவா தெரியும், திருத்தத்துக்கு அப்புறம் வர்ற ரெண்டு மூணு பதிலும் அதுக்கு முந்தினத விட சின்னதா இருக்கும். அதனால பதினஞ்சு நிமிஷமும் தப்பு எவ்வளவு இருந்தாலும் கேக்குறவங்க முகத்த மாத்தாம அடுத்த கேள்விக்கு போகணும். தப்ப நேரத்தோட குறிச்சு வச்சா போதும், 4.20ல ஒண்ணு, 6.05ல ஒண்ணுன்னு.

நீங்க மாட்டிக்கிட்டாலும் தமிழ்ல உதவி கேக்கக்கூடாது. அதுக்கு மூணே மூணு ஜெர்மன் வாக்கியம் மனப்பாடமா இருக்கட்டும். புரியலன்னா "கோன்டன் ஸீ தாஸ் பிட்டெ வீடர்ஹோலன்?" மெதுவா பேச "கோன்டன் ஸீ பிட்டெ எட்வாஸ் லாங்ஸாமர் ஷ்ப்ரெஷன்?" நெட் இழுத்தா "தீ ஃபெர்பின்டுங் இஸ்ட் ஷ்லெஷ்ட்". கடைசி வாக்கியம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம், ரெண்டு பருவமழையும் பெய்ற மாவட்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடு இருக்கவங்களுக்கு சொல்லவே வேண்டாம். இந்த வாக்கியங்கள நிஜ இன்டர்வியூல சொன்னா குறைச்சலா யாரும் நினைக்கிறதில்ல. புரியாம தலையாட்டி "யா, யா"ன்னு சொல்றத தான் அவங்க கவனிக்காங்க, வார்டுல டாக்டர் சொன்னதுக்கும் இப்படியே தலையாட்டுவீங்களோன்னு.

3. திருத்தம்: தமிழ்ல, ஆனா இங்கிலீஷ் வழியா போகாம

கால் முடிஞ்சதும் ரெக்கார்டிங்க போட்டு, குறிச்ச இடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி பேசுங்க. நோட்டுல மூணு கோடு: நான் சொன்னது, சொல்ல வேண்டியது, ஏன். மூணாவது கோடு கண்டிப்பா தமிழ்ல. இங்கிலீஷ்ல விளக்குனா தப்பு கூடுது, தமிழ்ல விளக்குனா நிறைய இடத்துல தப்பு தானா விழுந்துடுது. தங்கச்சியோட ஒரு பதில எடுத்துப்போம். ஏன் எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றீங்கன்னு கேட்டதுக்கு அவ சொன்னது:

"வைல் இஷ் மோஷ்டெ ஆர்பைட்டன் அவுஃப் தேர் இன்டென்ஸிவ்ஷ்டட்ஸியோன்."

இது அப்படியே இங்கிலீஷ் வரிசை. வைல் வந்தா வினை கடைசிக்கு போகணும்னு கிளாஸ்ல படிச்சிருக்கா, ஆனா பேசும்போது விதி ஞாபகம் வராது. அதே பதில தமிழ்ல சொல்லுன்னேன். "நான் ஐசியூவுல வேலை பாக்க விரும்புறேன்"னா. இப்ப அதே வரிசைல ஜெர்மன் சொல்ல வைங்க: இஷ் நான், அவுஃப் தேர் இன்டென்ஸிவ்ஷ்டட்ஸியோன் ஐசியூவுல, ஆர்பைட்டன் வேலை பாக்க, மோஷ்டெ விரும்புறேன். முன்னால வைல் மட்டும் சேக்கணும். வரிசை ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காருது.

காலமும் இப்படித்தான். "இஷ் ஹாபெ ஸைட் ட்ரை யாரென் கெஆர்பைட்டெட்"னு நிறைய பேரு சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல ஹேவ் வர்றதால இங்கயும் ஹாபெ போட்டுடுறாங்க. நம்ம தமிழ்ல "மூணு வருஷமா வேலை பாக்கேன்"னு தான சொல்றோம், நிகழ்காலம் தான. ஜெர்மன்லயும் அதே: "இஷ் ஆர்பைட்டெ ஸைட் ட்ரை யாரென்." வேலைய விட்டுட்டு ஜெர்மன் படிக்கீங்கன்னா "மூணு வருஷம் வேலை பாத்தேன்", அப்ப ஸைட் வராது: "இஷ் ஹாபெ ட்ரை யாரெ கெஆர்பைட்டெட்." இது வெறும் இலக்கணப் பிரச்சனை இல்ல. ஸைட் போட்டா நீங்க இன்னும் அந்த வேலைல இருக்கீங்கன்னு அர்த்தம், பயோடேட்டால போன வருஷமே முடிஞ்சதா இருந்தா அவங்க அடுத்த கேள்வி அதுல தான் கேப்பாங்க.

ஆனா எல்லா இடத்துலயும் தமிழ் கைகொடுக்காது. வைல் மாதிரி இணைப்புச் சொல் எதுவும் இல்லாத சாதா வாக்கியத்துல வினை ரெண்டாவது இடத்துல நிக்கணும், "நாஹ் தேம் ஷ்டூடியும் ஹாபெ இஷ் இன் நாகர்கோவில் கெஆர்பைட்டெட்"னு. இதுக்கு தமிழ்ல ஒப்பு கிடையாது, திருப்பித் திருப்பி சொல்லி தான் வரணும். டேர், தீ, தாஸ் குழப்பத்துக்கும் தமிழ்ல வழியில்ல. அத இன்டர்வியூ பயிற்சில திருத்தவே வேண்டாம்ங்கிறது என் கருத்து, ஆர்ட்டிகிள் தப்பானாலும் சொல்ற விசயம் புரியும்.

எண்ணு அப்படி இல்ல, விடாம திருத்தணும். ஜெர்மன்ல இருபத்தி நாலு "ஃபியர் உன்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்", நாலு முதல்ல வரும், இருபது பிறகு. வார்டுல 24 பேரப் பாத்தேன்னு சொல்ல வந்துட்டு 42ன்னு சொல்லிட்டா அவங்க நம்ப மாட்டாங்க. வீட்டு போன் நம்பர், பஸ் நம்பர்னு கண்ணுல படுறதயெல்லாம் ரெண்டு ரெண்டு இலக்கமா சொல்லிப் பழகுங்க.

4. விசயத்தையும் திருத்தணும்

தங்கச்சிகிட்ட "ஒரு நோயாளி கட்டிலுக்கு பக்கத்துல விழுந்து கிடக்காரு, என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன். "உடனே டாக்டர கூப்பிடுவேன்"னு ஒரே வாக்கியத்துல முடிச்சிட்டா. வாக்கியம் சரி, பதில் பத்தாது. நோயாளிய தனியா விட்டுட்டு ஓடாம பெல் அடிச்சு ஆள கூப்பிடுறது, சுயநினைவு இருக்கான்னு பாக்குறது, எங்க வலிக்குதுன்னு கேக்குறது, அடிபட்டிருக்கான்னு பாக்குறதுக்கு முன்னால தூக்காம இருக்குறது, பிபி, பல்ஸ் பாக்குறது, டாக்டருக்கு சொல்றது, கடைசில ஸ்டுர்ஸ்ப்ரோட்டோகோல்ங்கிற, விழுந்தத பத்தின ரிப்போர்ட் எழுதுறது. இத முதல்ல தமிழ்ல கடகடன்னு சொல்ல வைங்க. தமிழ்லயே வரிசை வரலன்னா பிரச்சனை மொழில இல்ல.

இன்னொண்ணு க்ருண்ட்ஃப்லேகெ, குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, கழிவறைக்கு கூட்டிட்டு போறது. நம்ம ஊரு ஆஸ்பத்திரில இதயெல்லாம் பெரும்பாலும் கூட இருக்கிற வீட்டாளுக தான் பாப்பாங்க, அங்க நர்ஸோட வேலை. இது தெரிஞ்சு தான் வர்றீங்களான்னு பாக்குறதுக்கே இந்த கேள்வி வரும், அதனால இதுக்கான பதில முதல் வாரமே தயார் பண்ணிடுங்க.

5. உடனே ஒரு தடவ, மறுநாள் ஒரு தடவ

திருத்தி முடிச்ச உடனே அதே கேள்விய மறுபடி ஜெர்மன்ல கேட்டு பதில் வாங்கணும், நோட்ட மூடி வச்சிட்டு. மறுநாள் கேள்விய கொஞ்சம் மாத்தணும், "ஏன் எங்க ஆஸ்பத்திரி?"ங்கிறத "ஊர்லயே வேலை பாக்கலாமே?"ன்னு. பதில மனப்பாடம் பண்ணிருந்தா இங்க நின்னுடும், அதுலயே தெரிஞ்சிடும். ஒரு நாளைக்கு மூணு தப்புக்கு மேல எடுக்காதீங்க, அர்த்தத்த மாத்துறது, திரும்பத் திரும்ப வர்றது, மரியாதை சம்பந்தப்பட்டது, இந்த வரிசைல தேர்ந்தெடுங்க.

பிறகு சேத்தது: "ஜெர்மனில எனக்கு யாருமே இல்ல, என்ன செய்ய?"ன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. கிளாஸ்ல கூட படிக்கிற பிள்ளைய கேள்வி மட்டும் கேக்கச் சொல்லுங்க, திருத்தச் சொல்லாதீங்க, ஒரே தப்ப ரெண்டு பேரும் சரின்னு நினைச்சிடுவீங்க. சந்தேகமான இடத்த மட்டும் ரெக்கார்டிங்ல இருந்து வெட்டி டீச்சருக்கு அனுப்புங்க. முழு ரெக்கார்டிங்கயும் கேக்க அவங்களுக்கு நேரம் இருக்காது, அரை நிமிஷத் துண்டுனா கேட்டு சொல்லுவாங்க.

இன்னொரு தடவ சேத்தது: நேரம் குறிக்கிறதுல ஒரு பிள்ளைக்கு இன்டர்வியூவே போயிருக்கும். போன்ல "ஹால்ப் ட்ரை"ன்னு சொல்லிருக்காங்க, பாதி, மூணுன்னு காதுல விழுந்த உடனே மூணரைன்னு எழுதி வச்சிருக்கா. ஜெர்மன்ல அது ரெண்டரை, மூணுக்கு பாதி இருக்குன்னு கணக்கு. அதுவும் அவங்க நேரம். அங்க மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்த மாத்துவாங்க, கோடைல நாம மூணரை மணி நேரம் முன்னால இருக்கோம், குளிர்காலத்துல நாலரை. அப்ப அவங்க ரெண்டரை நமக்கு கோடைல சாயங்காலம் ஆறு மணி, குளிர்காலத்துல ஏழு மணி. போன்ல நேரம் சொன்னா "ஃபியர்ட்ஸேன் உஹ்ர் ட்ரைஸிஷ்?"னு 24 மணிக் கணக்குல திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, இதையும் பயிற்சில ஒரு கேள்வியா சேத்துடுங்க.