கையில் ஒரிஜினல் இல்லாமல் ஜோக்கரை நம்பாதீர்கள்

என் வீட்டுக்காரர் போனபிறகு குன்னூரில் மாலை நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கினாலே கதவைச் சாத்திவிடுவேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் கையைப் பிடித்துச் சீட்டாட்டத்துக்கு அழைத்துப் போனார். காசு கிடையாது, நோட்டில் புள்ளி மட்டும்.

பதிமூன்று சீட்டு ரம்மி. அக்காவுக்கு அடிக்கடி தோல்விப் புள்ளி முழுசாக 80 விழுந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. ஜோக்கர் வந்தவுடன் அதை இதய வடிவ ஆட்டின் 7, 8-உடன் செருகிவிட்டு நிம்மதியாகிவிடுவார். ஜோக்கர் சேராத ஒரிஜினல் வரிசை ஒன்றாவது இல்லையென்றால், எதிராளி ஆட்டத்தை முடித்து டிக் அடிக்கும்போது மற்ற சேர்க்கை எதுவும் கணக்கில் வராது.

"ஜோக்கரைத் தனியாக வைங்க அக்கா. 6 வந்தாலும் சரி, 9 வந்தாலும் சரி. ரெண்டு கட்டு சீட்டில் நாலு வாய்ப்பு இருக்கு. அந்த ஜோடி ராஜாவை இறக்கிடுங்க, வைத்திருந்தால் 20 புள்ளி" என்றேன். என் வீட்டுக்காரரும் நானும் முப்பது வருஷம் ஆடியது கையிலேயே இருந்தது.

நாலாவது சுற்றில் ஆட்டின் 9 கீழே விழுந்தது. அக்கா எடுத்தார், ஒரிஜினல் ஆயிற்று. ஜோக்கர் கிளாவர் 4, 5-உடன் சேர்ந்து இரண்டாவது வரிசை ஆனது. எதிரே டிக் அடித்தபோது உதிரிச் சீட்டுக்கு 14 மட்டும்.

அக்கா என் தோளில் கை வைத்து, "நாளைக்கு நீயே ஆடணும்" என்றார். மறுநாள் மூன்றரைக்கே கிளம்பிவிட்டேன்.