பம்ப் ஓடும் நேரக் கணக்கு: என் அனுபவம்

ஒரு ஏக்கருக்கு 50 மி.மீ. ஆழம் தண்ணீர் கட்ட, பம்பின் பெயர்ப்பலகையில் இருந்த விநாடிக்கு 10 லிட்டரை வைத்துக் கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வந்தது. அவ்வளவு நேரம் விட்டும் கடைமடை காய்ந்தே கிடந்தது.

சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக 2,02,350 லிட்டர் தேவை. இதில் பிழையில்லை, பாய்ச்சல் அளவுதான் தவறு. பலகையில் இருப்பது குறிப்பிட்ட ஏற்ற உயரத்துக்கான அளவு. கிணற்று மட்டம் இறங்கினாலும் குழாய் நீண்டாலும் அது குறையும்.

அதனால் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வயலில் தண்ணீர் விழும் இடத்திலேயே 200 லிட்டர் டிரம்மை மூன்று முறை நிரப்பிப் பார்த்தேன். சராசரி 32 விநாடி, அதாவது விநாடிக்கு 6.25 லிட்டர்.

```
மணி = சதுர மீட்டர் × மி.மீ. ÷ (லிட்டர்/விநாடி × 3600)
4047 × 50 ÷ (6.25 × 3600) = 9
```

மண் வாய்க்காலிலும் தலைமடையில் ஆழமாக இறங்குவதிலும் கொஞ்சம் வீணாகும். 70 சதவீதம்தான் பயிருக்குச் சேரும் என்று கொண்டு 0.7ஆல் வகுத்தால் சுமார் 13 மணி. சொட்டுநீரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

மறுநாள் கடைமடையில் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை எளிதாக இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும்.