நன்றி மடலில் 'யார்' காணாமல் போகும் இடங்கள்

சந்திப்பு முடிந்ததும் அனுப்பும் நன்றி மடலில் பெரும்பாலும் நன்றி சரியாகத்தான் இருக்கும். கோட்டை விடுவது அதற்கு அடுத்த வரிகளில். எனக்கு வந்த ஒரு மடல் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. பேசியபடி விலைப்பட்டியல் விரைவில் அனுப்பப்படும். மாதிரிகளையும் பார்த்துவிடுவோம். அடுத்த வியாழன் சந்திப்போம்."

படிக்கும்போது உறுத்தவே இல்லை. ஆனால் விலைப்பட்டியலை 'அனுப்பப்படும்' என்றால் யார் அனுப்புவது? அவர் என்று நான் இருந்தேன், நான் என்று அவர் இருந்தார். பட்டியல் வரவே இல்லை. செயப்பாட்டு வினை மரியாதையாகத் தெரிவதால் கை தானாக அதை எழுதிவிடும். 'அனுப்புகிறேன்' என்றோ 'நீங்கள் அனுப்புவதாகச் சொன்னீர்கள்' என்றோ எழுதினால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

'பார்த்துவிடுவோம்' இன்னும் மோசம். 'நாம்' என்றாலும் 'நாங்கள்' என்றாலும் வினை 'ஓம்' என்றுதான் முடியும். எழுவாயை விட்டுவிட்டால் எதிரில் இருப்பவருக்கும் அதில் வேலை உண்டா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 'நாங்கள்' என்று போட்டாலும், உங்கள் பக்கம் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர் போதும்.

அப்புறம் அந்த 'அடுத்த வியாழன்'. மடல் வந்தது செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளிலா, ஒன்பது நாளிலா? 14/8 என்று எண்ணில் எழுதினால் பரவாயில்லை, 7/8 என்றால் அதை ஜூலை 8 என்று படிப்பவர்களும் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். தேதியில் கை தவறினாலும், கிழமை பொருந்தாததைப் பார்த்து யாராவது கேட்பார்கள்.

அதே மடலை இப்படி எழுதியிருக்கலாம்:

"இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அடுத்த சந்திப்பு ஆகஸ்ட் 14, வியாழன், காலை 10.30, உங்கள் அலுவலகத்தில். விலைப்பட்டியலை நான் 12ஆம் தேதி மாலைக்குள் அனுப்புகிறேன். மாதிரிகளை நீங்கள் 11ஆம் தேதிக்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். நான் குறித்ததில் ஏதாவது தவறு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்."

கெடு இரண்டும் சந்திப்பு நாளுக்கு முன்பே முடிவதைக் கவனியுங்கள். சந்திப்பன்று காலையில் வரும் பட்டியலை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

சந்திப்பில் பேசாத ஒன்றைப் 'பேசியபடி' என்று நுழைப்பது வேறு வகைத் தவறு. முன்பணம் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்களா? அதைத் தனி மடலில் கேளுங்கள். இதில் சேர்த்தால், ஒப்புக்கொண்ட மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடு படிப்பார். நினைவில் தெளிவில்லாத விஷயத்தை முடிவாக எழுதாமல் கேள்வியாகவே விட்டுவிடலாம்: "மாதிரிகள் மூன்றா, நான்கா?"

வேலை ஒப்படைக்கப்பட்டவர் அன்று வரவில்லை என்றால், மடலின் நகல் அவருக்கும் போக வேண்டும். அதற்கு முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தன் பெயரையும் கெடுவையும் மடலில்தான் முதன்முதலாகப் பார்ப்பவர், அதே மடலுக்கு எல்லோருக்கும் தெரியும்படி மறுப்பு எழுதுவார்.