கோடு என்றாலே மைனஸ் இல்லை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பழகிய நாட்களில், ஒரு செட் டாப் பாக்ஸ் போர்டில் என் கையாலேயே புகை வர வைத்தேன். 5 வோல்ட் லைனில் மஞ்சள் நிறத்தில் சின்னச் செங்கல் மாதிரி ஒரு கெப்பாசிட்டர். தலையில் 107A, ஒரு ஓரத்தில் கோடு. ஷார்ட் ஆகியிருந்ததால் அதே மாதிரி புதிதாக ஒன்றை வைத்தேன். கோடு இருந்த பக்கத்தை மைனஸ் பேடில் வைத்துப் பற்றவைத்தேன். பவர் கொடுத்த சில நொடிகளில் படபடவென்று வெடித்துக் கருகிவிட்டது.

"கோடு பார்த்தே சரி, அது இன்னா பார்ட்டோட கோடுன்னு பார்த்தியாடா?" என்றார் கடை அண்ணன்.

உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் பக்கவாட்டுக் கோடு மைனஸைக் காட்டும். போர்டோடு ஒட்டி உட்காரும் அலுமினிய டப்பாவின் தலையில் கறுப்பாக இருக்கும் பகுதியும் மைனஸ்தான். ஆனால் அந்த மஞ்சள் செங்கல் டான்டலம். அதில் கோடு இருப்பது பிளஸ் பக்கம். டையோடில் கோடு கேத்தோடைக் காட்டும். ஆக, முதலில் உருவத்தைப் பாருங்கள், கோட்டை அப்புறம் பார்க்கலாம்.

107 என்பதை 107 மைக்ரோ ஃபாரட் என்று படிப்பவர்களும் உண்டு. 10 எழுதி அதன் பின்னால் 7 பூஜ்ஜியம் போட்டால் வருவது பிக்கோ ஃபாரட் கணக்கு. அது 100 மைக்ரோ ஃபாரட். A என்றால் 10 வோல்ட் தாங்கும். 5 வோல்ட் லைனுக்கு எதற்கு 10? டான்டலத்தை அது தாங்கும் வோல்ட்டேஜில் பாதியில் ஓட்டுவதுதான் வழக்கம். கையில் 6.3 வோல்ட் பார்ட் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள்.

போர்டில் அச்சடித்த குறியையும் முழுசாக நம்ப முடியாது. பெரும்பாலும் வட்டத்தில் நிரப்பிய பாதி மைனஸ், ஆனால் சில போர்டுகளில் அது தலைகீழ். பவரை எடுத்துவிட்டு, பார்ட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். ஒரு முனை யூஎஸ்பி சாக்கெட்டின் உலோகக் கூட்டில், மறுமுனை பேடில். பீப் வருவது மைனஸ் பேட். இரண்டு பேடிலும் பீப் வந்தால் ஷார்ட் வேறெங்கோ இருக்கிறது, புதுசைப் பற்றவைக்காதீர்கள். பவர் சப்ளையில் கரண்ட் நேராக வரும் பக்கத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே கிரவுண்டே வேறு.

நிறமும் இதே மாதிரி ஏமாற்றும். பச்சை உடம்பில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு வளையங்கள் இருக்கும். ரெசிஸ்டராகப் படித்தால் 10 ஓம். மீட்டரோ கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டும். கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், 300 மில்லி ஆம்பியர் ஓடும் 5 வோல்ட் லைனில் 3 வோல்ட் அதிலேயே விழுந்துவிடும், செட் ஆன் ஆகாது. அந்தப் பச்சை பார்ட் ரெசிஸ்டரே இல்லை, 10 மைக்ரோ ஹென்றி காயில். பக்கத்தில் போர்டில் R இருக்கிறதா L இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.