லைஃப்கார்டு ரொட்டேஷன் போடுவது எப்படி: நாலு இடம், ஆறு பேர், இருபது நிமிடம்

ஏப்ரல், மே மாதங்களில் குளத்தில் கூட்டம் ஏறினால் முதலில் அடிபடுவது லைஃப்கார்டுகளின் ஓய்வுதான். "இன்னும் பத்து நிமிஷம் பாத்துக்கோப்பா, ஆள் வந்துருவான்" என்று சொல்லிச் சொல்லியே ஒருவரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. ஆனால் பல குளங்களில் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், சுற்று போட்டிருக்கும் விதம்தான் தப்பு. புதிதாக சூப்பர்வைசர் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு அந்தச் சுற்றை எப்படிப் போடுவது என்று ஒரு குளத்தை வைத்தே காட்டுகிறேன்.

முதலில், எத்தனை நிமிடம்?

தண்ணீரில் தத்தளிப்பவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையாட்டிக் கூப்பிடுவதும் இல்லை. 20 முதல் 60 நொடி வரை மேலே போராடிவிட்டு உள்ளே போய்விடுவார். அதனால்தான் லைஃப்கார்டு பயிற்சிகளில் 10/20 என்று ஒரு அளவு சொல்கிறார்கள்: ஆபத்தை 10 நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும்.

பத்து நொடி என்பது தூங்கிவழியாத கண்ணுக்கு வைத்த கணக்கு. நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1948இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள் போல ஒன்று நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தாவல்களைத் தவறவிட ஆரம்பித்தார்கள். லைஃப்கார்டு வேலையும் இதே ரகம்தான். எப்போதோ ஒரு தடவை நடக்கப்போகும் ஒன்றுக்காக நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பொதுச் சுகாதார அமைப்பான சிடிசி வெளியிட்ட நீச்சல்குள மாதிரி விதித்தொகுப்பு, ஒருவர் தொடர்ந்து 60 நிமிடத்துக்கு மேல் கண்காணிப்பில் இருக்கக் கூடாது என்கிறது. அது உச்சவரம்பு, அதையே இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் வெயிலில், கூட்டமான நேரத்தில், ஒரு இடத்தில் 20 நிமிடம், ஓய்வுக்கு முன் மொத்தமாக 40 நிமிடம் என்று வைப்பதுதான் என் வழக்கம்.

இடங்களை எழுதுங்கள், ஆட்களை அப்புறம் எண்ணலாம்

நம் குளத்தில் 25 மீட்டர் பெரிய குளம் ஒன்று. அதற்கு ஆழமான முனையில் ஒருவர், ஆழமில்லாத முனையில் ஒருவர். சறுக்குமரம் வந்து விழும் இடத்தில் ஒருவர், குழந்தைகள் குளத்தில் ஒருவர். ஆக நாலு இடம். ஆட்கள் ஆறு பேர்.

இந்த நாலு இடமும் சரிதானா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள். பயிற்சிப் பொம்மையை அந்தந்தப் பகுதியின் அடித்தரையில் படுக்க வைத்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். காலையில் தெரியும் பொம்மை, சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு வெயில் தண்ணீரில் பட்டு எதிரடிக்கும்போது தெரியாமல் போகலாம். அப்படியானால் நாற்காலியை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். கண்ணே எட்டாத இடத்துக்கு எவ்வளவு அழகாகச் சுற்று போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஓய்வை நடுவில் செருகுங்கள்

பலரும் தப்பு செய்வது இங்கேதான். நாலு இடத்தையும் வரிசையாக எழுதி, கடைசியில் "ஓய்வு, ஓய்வு" என்று போடுவார்கள். ஒவ்வொருவரும் நாலு இடத்தையும் முடித்துவிட்டுத்தான் ஓய்வுக்குப் போக முடியும். 20 நிமிடம் வீதம் 80 நிமிடம் தொடர் கண்காணிப்பு, பிறகு 40 நிமிடம் ஓய்வு. உச்சவரம்பு அங்கேயே உடைந்துவிட்டது.

அதே ஆறு பேர், அதே இருபது நிமிடம். இப்போது வரிசையை மட்டும் மாற்றுவோம்: ஆழமான முனை, சறுக்குமரம், ஓய்வு, ஆழமில்லாத முனை, குழந்தைகள் குளம், ஓய்வு. இனி யாருமே 40 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் பின்னால் 20 நிமிட ஓய்வு வரும். ஆளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்தால் முதல் ஒரு மணி நேரம் இப்படி ஓடும்:

| நேரம் | ஆழமான முனை | சறுக்குமரம் | ஓய்வு | ஆழமில்லாத முனை | குழந்தைகள் குளம் | ஓய்வு |
|---|---|---|---|---|---|---|
| 10:00 | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
| 10:20 | 6 | 1 | 2 | 3 | 4 | 5 |
| 10:40 | 5 | 6 | 1 | 2 | 3 | 4 |

மூன்றாம் எண்காரரைப் பின்தொடர்ந்து பாருங்கள்: ஓய்வு, ஆழமில்லாத முனை, குழந்தைகள் குளம், 11:00 மணிக்கு மறுபடி ஓய்வு.

ஆழமான முனையை ஓய்வு முடிந்து வருபவருக்குக் கொடுத்தது வேண்டுமென்றேதான். அடித்தரை சரியாகத் தெரியாத இடம் அது, கண் அங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். அடுத்து சறுக்குமரத்தில் வந்து விழுபவர்களை நின்றபடி பார்க்கும் வேலை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்கிறார், அதுவே ஒரு மாற்றம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஆறு பேர் நாலு இடத்தைப் பார்த்தால், ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கண்காணிப்பில்தான் இருப்பார். நிமிடத்தைக் கூட்டிக் குறைத்தாலும் வரிசையை மாற்றினாலும் அந்தப் பங்கு மாறாது. அதை மாற்ற ஆளைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரு இடத்தை மூட வேண்டும். நாம் வரிசையால் மாற்றுவது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதை மட்டும்.

இருபது நிமிட ஓய்வு உண்மையில் எவ்வளவு?

மாற்றிவிட்டு நடந்து வர இரண்டு நிமிடம், அடுத்த முறைக்கு முன்கூட்டியே கிளம்ப இரண்டு நிமிடம். கையில் நிற்பது பதினைந்து, பதினாறு நிமிடம். நிழலில் உட்கார, தண்ணீர் குடிக்க, கழிவறை போய்வர அது போதும். சாப்பிடப் போதாது.

ஏழாவது ஆள் இருந்தால் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும். கடைசி ஓய்வை இரட்டையாக்குங்கள்: இரண்டு இடம், ஓய்வு, இரண்டு இடம், ஓய்வு, ஓய்வு. சுற்று 140 நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருக்கும் ஒரு 20 நிமிட ஓய்வும் ஒரு 40 நிமிட ஓய்வும் கிடைக்கும். ஆறே பேர்தான் என்றால் மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் சறுக்குமரத்தை மூடிவிட்டுச் சாப்பாட்டை முடியுங்கள்.

ஓய்வில் இருப்பவரை டிக்கெட் கவுன்டரில் உட்கார வைப்பது, கழிவறையைப் பார்க்கச் சொல்வது, குளோரின் அளவு எடுக்கச் சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. கண்ணுக்கு அது ஓய்வாகலாம், உடம்புக்கு ஆகாது. அந்த வேலைகளுக்குச் சுற்றில் தனி இடம் ஒதுக்குங்கள், அல்லது சூப்பர்வைசர் தானே செய்யட்டும்.

மாற்றும் அந்த ஒரு நிமிடம்

எல்லாரும் ஒரே விசிலுக்கு எழுந்து நடந்தால் குளம் முழுவதும் அரை நிமிடம் யார் கண்ணிலும் இருக்காது. மாற்றம் எப்போதும் ஓய்விலிருந்து வருபவரிடம் தொடங்க வேண்டும். நம் வரிசையில் இரண்டு குட்டிச் சங்கிலிகள் இருக்கின்றன. ஓய்விலிருந்து ஒருவர் ஆழமில்லாத முனைக்கு வருகிறார், அங்கிருந்தவர் குழந்தைகள் குளத்துக்குப் போகிறார், அங்கிருந்தவர் ஓய்வுக்கு. அது முடிந்ததும் ஆழமான முனை, சறுக்குமரம் பக்கத்துச் சங்கிலி. ஓய்வுக்காரர் ஒருவர் தாமதமானால் ஒரு பக்கம் மட்டும்தான் நிற்கும் என்பது இதில் ஒரு லாபம்.

ஒரு நாற்காலியில் நடப்பதை நிதானமாகப் பார்ப்போம். வருபவர் கரையோரம் நடந்து வரும்போதே அந்தப் பகுதியின் அடித்தரையைப் பார்த்துக்கொண்டே வருகிறார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு முறை கண்ணை ஓட்டுகிறார். மேலே இருப்பவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "கீழே க்ளியர். மூணாவது லேன்ல சிவப்புத் தொப்பிப் பையன், கயித்தை விட்டா தடுமாறுறான்." வருபவர், "சரிண்ணே, நான் பாக்குறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது, ஏனென்றால் மேலே இருப்பவர் அவரைப் பார்க்கவே கூடாது. ரெஸ்க்யூ டியூபோடு கீழே நிற்பவர் பார்க்க, மேலே இருப்பவர் இறங்குகிறார். இறங்கியவர் தன் டியூபோடு நின்று பார்க்க, மற்றவர் ஏறுகிறார். ஏறியவர் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு "க்ளியர்" என்ற பிறகுதான் கீழே இருப்பவர் நகரலாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு மணி நேர பேட்ச் முறையில் ஓடும் குளம் என்றால் மாற்றத்தைப் பேட்ச் தொடங்கும் நேரத்தில் வைக்காதீர்கள். கூட்டம் மொத்தமாகத் தண்ணீரில் குதிக்கும் நேரம் அது. நம் அட்டவணையை 10:00, 10:20 என்பதற்குப் பதில் 10:10, 10:30, 10:50 என்று தள்ளிவிட்டால் போதும்.

ஒருவர் வரவில்லையென்றால்

ஐந்து பேர், நாலு இடம். 15 நிமிடமாகக் குறைத்தால் 60 நிமிடம் பார்த்து 15 நிமிடம் ஓய்வு. விதிக்குள் அடங்கும், ஆனால் நடையைக் கழித்தால் ஓய்வு பத்து நிமிடத்துக்கு வந்து நிற்கும். காலை ஒன்பது மணிக்கு அதைச் சமாளிக்கலாம், மதியம் இரண்டு மணிக்கு முடியாது. சறுக்குமரத்தை மூடுங்கள். பிறகு ஆழமான முனை, ஆழமில்லாத முனை, ஓய்வு, குழந்தைகள் குளம், ஓய்வு என்று ஐந்து பேரும் நிம்மதியாகச் சுற்றலாம். சறுக்குமரம் ஏன் மூடியிருக்கிறது என்று வாசலில் சண்டை வரும். அதை வாங்கிக்கொள்வது சூப்பர்வைசர் வேலை.

சுற்று சரியாக ஓடுகிறதா?

காகிதத்தில் எல்லாச் சுற்றும் அழகாகத்தான் இருக்கும். இருபது நிமிடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் போய்த் தூர நின்று லைஃப்கார்டின் தலையைக் கவனியுங்கள். தலை திரும்பாமல் கண் ஒரே இடத்தில் நின்றால், டியூப் மடியிலிருந்து நழுவிப் பக்கத்தில் கிடந்தால், தனக்கு நேர் கீழே இருக்கும் தண்ணீரைக் குனிந்து பார்ப்பதை விட்டிருந்தால், அந்த இடத்துக்கு இருபது நிமிடம் அதிகம். அங்கே மட்டும் 15 என்று வைக்க முடியாது, சங்கிலி குழம்பிவிடும். எல்லா இடத்துக்கும் 15 என்று வையுங்கள். ஆனால் ஓய்வும் 15 ஆகிவிடும் என்பதால், ஏழாவது ஆள் இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

இன்னொரு சோதனை, ஓய்வறையில் ஒரு நோட்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அவரவரே எழுதட்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஆளுடைய ஓய்வுதான் தொடர்ந்து குறைந்திருக்கும். அவரை மாற்றிவிட வருபவர் தாமதமாக வருகிறார் என்று அர்த்தம். பேச வேண்டியது அந்த மாற்றிவிட வருபவரிடம்.