ஆப்பில் ஒரு தொகை, கேஷ் ஷீட்டில் ஒரு தொகை: இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வித்தியாசம் பிடிப்பது எப்படி?

என் மச்சான் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். பில் போடுவது விற்பனை ஆப்பில். ரொக்க வரவு செலவை மட்டும் போனில் தனி ஷீட்டாக எழுதுகிறார். ஒரு சனிக்கிழமை இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, "வாரக் கணக்குல 980 ரூபாய் இடிக்குது, பாருங்க" என்றார். அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் படங்களைச் சரிபாருங்கள். இரண்டும் ஒரே தேதிகளைக் காட்ட வேண்டும், கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கலாக இருந்தால் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். அப்போது ஊகிக்காதீர்கள், Document ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்தத் தொகையை எடுப்பது? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆப்பில் பெரிய எழுத்தில் தெரியும் Total Sales-இல் ஜிபே பணமும் கடன் விற்பனையும் சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் Cash மட்டும். கேஷ் ஷீட்டிலும் அன்றைய விற்பனை வரவை மட்டும் எடுங்கள். ஆரம்ப இருப்பும் வசூலான பழைய பாக்கியும் அன்றைய விற்பனை இல்லை.

இனி புது ஷீட்டில் A-இல் தேதி, B-இல் ஆப் தொகை, C-இல் கேஷ் ஷீட் தொகை. D2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=B2-C2
```

எனக்கு வந்தது இது:

```
3   8450   8450      0
4   7920   7290    630
5   9360   9360      0
6   6780   6360    420
7  10240  10660   -420
8  12615  12265    350
```

B, C இரண்டையும் கூட்டி, ஸ்கிரீன்ஷாட்டின் அடியில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஆப்பில் 55,365, கேஷ் ஷீட்டில் 54,385. ஒத்துப்போனால், நாம் டைப் செய்ததில் பெரும்பாலும் தப்பில்லை. இதைச் செய்யாமல் மச்சானுக்குப் போன் போட்டு, கடைசியில் தப்பு என்னுடையதாகப் போன கதையும் உண்டு.

மச்சான் பார்த்தது 980-ஐ மட்டும்தான். 6-ம் தேதியும் 7-ம் தேதியும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டதால், மொத்தத்தில் அந்த 420 மறைந்துவிட்டது. நாள்வாரியாகப் போட்டால்தான் அது வெளியே வரும். அடுத்தடுத்த நாளில் ஒரே தொகை, ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்றால் நாள் முடிக்கும் நேரத்தைச் சந்தேகியுங்கள். ஆப்பில் 6-ம் தேதி பில்களைத் திறந்தேன். ஒன்பது மணிக்கு மேல் இரண்டு ரொக்க பில், 180-ம் 240-ம். மச்சான் ஒன்பது மணிக்கே கணக்கை முடித்துவிட்டு, அந்தப் பணத்தை மறுநாள் வரவில் எழுதியிருக்கிறார். பணம் எங்கேயும் போகவில்லை.

சரி, 630? வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 7920-ஐ 7290 என்று அடித்திருக்கிறார். இது துப்புதான், தீர்ப்பு இல்லை. தற்செயலாகவும் ஒரு தொகை 9-ஆல் வகுபடும். அதனால் கல்லாவை எண்ணச் சொன்னேன். ஷீட்டின் இறுதி இருப்பைவிடக் கையில் சரியாக 630 அதிகம் இருந்தது. அதிகம் இல்லாமல் ஷீட்டோடு ஒத்துப்போயிருந்தால், அந்த 630 நிஜமாகவே கல்லாவுக்கு வரவில்லை என்று அர்த்தம். அது வேறு விசாரணை.

மிச்சம் 8-ம் தேதியின் 350. இது 9-ஆல் வகுபடவில்லை, பக்கத்து நாளிலும் ஜோடி இல்லை, ரவுண்டான தொகையாகவும் இருக்கிறது. இந்த மாதிரி வந்தால் நான் முதலில் கேட்பது, "அன்னைக்கு கல்லாவிலிருந்து யாருக்காவது கொடுத்தீங்களா?" என்றுதான். நோட்டுப் பண்டல் இறக்கியவருக்கு இறக்குகூலி 350 கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை எண்ணி விற்பனை என்று எழுதியிருக்கிறார்.

இதைத் திருத்தும்போது வரவை 12,615 ஆக்கி, செலவில் 350 தனி வரியாக எழுத வேண்டும். வரவை மட்டும் ஏற்றிவிட்டுச் செலவை விட்டால், ஷீட்டின் இருப்பு கல்லாவைவிட 350 கூடிவிடும். இரண்டும் எழுதினால் இருப்பு மாறாது. 630-ஐத் திருத்தினால் மட்டும் இருப்பு கூடும், கல்லாவில் எண்ணியதோடும் ஒத்துப்போகும். 420-க்கு 6, 7 இரண்டு நாள் வரவையும் மாற்றி எழுதினோம். அப்புறம் E-இல் ஒவ்வொரு காரணத்தையும் ஒரு வரி எழுதி, பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் அதே ஃபோல்டரில் வைத்தேன். மச்சான் இப்போது ஷட்டரை இழுத்த பிறகுதான் ஷீட்டை முடிக்கிறார்.