சப்டைட்டில் பிசகும்போது நாம் செய்யும் தவறுகள்

படம் ஓடுகிறது, ஆள் வாயைத் திறக்கும் முன்பே கீழே வசனம் வந்துவிடுகிறது. உடனே பெரும்பாலோர் சப்டைட்டிலைக் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள். சரியாகிவிட்டது என்று சாய்ந்து உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் மறுபடியும் முந்திக்கொள்ளும். மறுபடியும் தள்ளுவார்கள். இடைவேளை வருவதற்குள் அலுத்துப்போய் வேறு சப்டைட்டில் கோப்பைத் தேடுவார்கள். அதுவும் ஒத்துவராது.

பிசகு எந்த வகை என்று பார்க்காமலே கையை வைப்பதுதான் இங்கே முதல் தவறு. நேரப் பிசகில் முக்கியமாக மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கண்டுபிடிக்க இரண்டு இடங்கள் போதும். படத்தின் ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி, ஒருவர் மட்டும் பேசும் தெளிவான வசனம் ஒன்றைப் பிடியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் என்றால் இன்னும் நல்லது. மொழி தெரியாவிட்டாலும் பெயர் காதில் விழும். சப்டைட்டில் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளைமாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் போய் அதையே செய்யுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு, உதாரணமாக இரண்டு விநாடி முந்துகிறது என்றால், அது வெறும் தள்ளல். தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவோ விளம்பர அட்டையோ கூடுதலாகவோ குறைவாகவோ இருந்திருக்கும், அவ்வளவுதான். கணினியில் விஎல்சி பிளேயரில் பார்ப்பவர்கள் `H` விசையை அழுத்தினால் சப்டைட்டில் தாமதமாக வரும், `G` அழுத்தினால் சீக்கிரம் வரும். ஒரு அழுத்தத்துக்கு 50 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடி நகர்த்த இருபது முறை அழுத்த வேண்டும். நாலைந்து தடவை தட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் நிறைய என்று பிசகு வளர்ந்துகொண்டே போனால் அது தள்ளல் அல்ல, வேக வித்தியாசம். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்கள்தான். அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம், விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரு கணக்கு உண்டு. சினிமா எடுக்கப்படுவது பெரும்பாலும் 24 ஃபிரேமில். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பழைய டிவி முறை 25 ஃபிரேம் என்பதால், அதற்கான டிவிடிகளில் படத்தைச் சற்றே வேகமாக ஓட்டிப் பதிந்தார்கள். அமெரிக்க வழியில் வந்த பதிப்புகளில் 23.976 ஃபிரேம் சகஜம். 25-க்குச் செய்த சப்டைட்டிலை 23.976 படத்தோடு ஓட்டினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி முந்தும்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் படத்தில் சரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு வசனம் வருகிறது. சப்டைட்டில் கோப்பைத் திறந்தால் அதே வசனம் இப்படி இருக்கிறது:

```
612
00:57:32,540 --> 00:57:35,100
நீங்க எப்ப வந்தீங்க?
```

கிட்டத்தட்ட 2 நிமிடம் 27 விநாடி முந்தல். பத்தாவது நிமிடத்தில் பார்த்திருந்தால் முந்தல் 25 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும். நேரம் ஆறு மடங்கு, பிசகும் ஆறு மடங்கு. இப்படி நேரத்தோடு விகிதமாக வளர்ந்தால் ஃபிரேம் கணக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். இதை `H` விசையால் யாராலும் சரிசெய்ய முடியாது. ஒரு நொடி பொருந்திவிட்டு அடுத்த நிமிடமே விலகத் தொடங்கும். செய்ய வேண்டியது, சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மாற்றும் வசதியில் 25-இலிருந்து 23.976 என்று கொடுத்துச் சேமிப்பது. அரை நிமிட வேலை. 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, மணிக்கு மூன்றரை விநாடிதான். அதனால் முதல் பாதியில் தெரியாமல் இருந்துவிட்டு, பின்பாதியில் "என்னமோ சரியில்லை" என்று உறுத்தும்.

மூன்றாவது வகை, ஒரு இடம் வரை ஒழுங்காக வந்து அங்கிருந்து திடீரென்று பதினைந்து விநாடியோ மூன்று நிமிடமோ விலகி, பிறகு அதே அளவிலேயே நிற்பது. உங்கள் கையில் இருப்பது வேறு வெட்டு என்று பொருள். தணிக்கையில் காட்சி போயிருக்கலாம், பாட்டை எடுத்திருக்கலாம், இயக்குநர் பதிப்பு என்று காட்சி சேர்ந்திருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் தாவினால், அந்த வசனத்திலிருந்து கடைசி வரை உள்ளதை மட்டும் அதே மென்பொருளில் மொத்தமாக நகர்த்தலாம். நாலைந்து இடங்களில் தாவினால் மெனக்கெடாதீர்கள். படத்தின் மொத்த நீளத்தைப் பார்த்து, அந்த நீளத்துக்குச் செய்த சப்டைட்டிலைத் தேடுவதே சுலபம்.

நான்காவது ஒன்றும் உண்டு, ஆனால் அது சப்டைட்டிலின் குற்றமே அல்ல. ப்ளூடூத் ஹெட்போனிலோ சவுண்ட்பாரிலோ கேட்கும்போது ஒலி சற்றுத் தாமதமாக வரும். எழுத்து படத்தோடு போகிறது, குரல் பின்தங்குகிறது. பார்ப்பவருக்கு சப்டைட்டில் முந்துவதுபோல் தோன்றும். உதட்டைப் பாருங்கள். உதடும் குரலும் ஒட்டவில்லை என்றால் சப்டைட்டிலைத் தொடாதீர்கள், ஹெட்போனைக் கழற்றிவிட்டு டிவி ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள்.

ஓடிடியில் பார்க்கிறவர்களுக்கு இந்த விசைகள் பெரும்பாலும் கிடையாது. அங்கே முதலில் அதே காட்சியை வேறு கருவியில், டிவியில் பார்த்ததை ஃபோனில், ஓட்டிப் பாருங்கள். ஃபோனில் சரியாக இருந்தால் டிவி செயலியின் கோளாறு. மூடித் திறந்தாலோ அழித்து மீண்டும் நிறுவினாலோ சரியாகிவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி பிசகினால் கோப்பே தப்பு, நீங்கள் டிவியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. சேவைக்குப் புகார் அனுப்புங்கள். எந்த எபிசோட், எந்த நிமிடம், எந்த மொழித் தடம் என்று எழுதுங்கள். "சப்டைட்டில் மோசம்" என்று மட்டும் எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதைத் திறந்து பார்ப்பது என்றே தெரியாது.

இனி மொழிபெயர்ப்பு. இங்கே அதிகம் பேர் செய்யும் தவறு, பட்டியலில் கண்ணில் படும் முதல் ஆங்கிலத் தடத்தைத் தேர்ந்தெடுப்பது. வெளிநாட்டுத் தொடர்களில் `English` என்று ஒன்றும் `English [CC]` என்று ஒன்றும் அருகருகே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. பல தொடர்களில் இரண்டாவது, ஆங்கில டப்பிங் குரலைக் கேட்டு காது கேளாதோருக்காக எழுதப்பட்டது. கதவு தட்டும் சத்தம், பின்னணி இசை எல்லாம் அடைப்புக்குறிக்குள் வரும். டப்பிங் வசனமோ நடிகரின் வாயசைவுக்கு ஒட்ட வேண்டும் என்பதற்காக வளைக்கப்பட்டது. அதை மூல மொழிக் குரலோடு வைத்துப் பார்த்தால் மூலத்திலிருந்து விலகியேதான் இருக்கும்.

2021-இல் கொரியத் தொடரான ஸ்க்விட் கேம் வந்தபோது அதன் மொழிபெயர்ப்பு பற்றிக் கிளம்பிய சர்ச்சையில் இதற்கும் பெரிய பங்கு உண்டு. ஹான் மி-ந்யோ என்ற பெண் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வாதாடும் இடத்தில், "நான் படிக்கலையே தவிர, மூளை சாமானியமில்லை" என்கிற பொருளில் பேசுகிறாள். `[CC]` தடத்தில் அது "நான் ஒண்ணும் மேதாவி இல்ல" என்கிற மாதிரி தொடங்கியது. அவளுடைய திமிரும் போயிற்று, படிக்காதவள் என்ற பின்னணியும் போயிற்று. சாதாரண `English` தடத்திலோ இரண்டும் இருந்தன. ஒரு பட்டனில் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை. எனவே மூல மொழிக் குரலில் பார்ப்பவர்கள் `[CC]` இல்லாததை எடுங்கள். ஆங்கில டப்பிங்கில் பார்ப்பவர்கள் `[CC]`-யை எடுங்கள். தமிழ் டப்பிங் குரலையும் ஆங்கில சப்டைட்டிலையும் சேர்த்து வைத்துக்கொண்டு "ரெண்டும் ஒத்துப்போகலை" என்பது வீண் வருத்தம். அவை தனித்தனி வழியில் வந்தவை.

தமிழ் சப்டைட்டிலுக்கு வேறு ஒரு சிக்கல். கொரிய, துருக்கி, ஸ்பானியத் தொடர்களின் தமிழ் வசனங்கள் பலவும் மூலத்திலிருந்து நேரே வருவதில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதப்படுகின்றன. நம் மொழி இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான், அதனால் ஒரே இருவர் ஒரு காட்சியிலேயே "நீ" என்றும் "நீங்கள்" என்றும் மாறி மாறிப் பேசிக்கொள்வார்கள். கொரியனில் மூத்தவரை அண்ணன், அக்கா என்றே அழைப்பார்கள். ஆங்கிலம் அதைப் பெயராக மாற்றியிருக்கும், தமிழும் அந்தப் பெயரையே வைத்திருக்கும். நம்மைப் போலவே முறை வைத்துக் கூப்பிடுகிற ஒரு சமூகத்தின் கதையைத் தமிழில் பார்க்கும்போது முறை காணாமல் போவது கொடுமைதான். துருக்கி மொழியில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை என்பதால் அங்கே பால் மயக்கமும் சேரும்.

இவை அடிக்கடி கண்ணில் பட்டால் தமிழ்த் தடத்தை விட்டு சாதாரண `English` தடத்துக்குப் போங்கள். குறைகள் அங்கேயும் இருக்கும், ஆனால் ஒரு படி குறைவாகக் கடந்து வந்திருக்கிறது. ஆங்கிலம் சரளமில்லாத பெரியவர்களோடு பார்க்கிறீர்கள் என்றால் தமிழ் டப்பிங்கை ஒருமுறை முயன்று பாருங்கள். பேசிப் பார்த்து எழுதுவதால் டப்பிங்கில் மரியாதைப் பன்மை தடுமாறுவது குறைவு என்பது என் எண்ணம்.

சப்டைட்டில் பேச்சைவிடச் சுருக்கமாக இருப்பதை வைத்து மட்டும் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். நெட்ஃபிளிக்ஸின் பொது விதியில் ஒரு முறை திரையில் இரண்டு வரிதான், ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, ஒரு சப்டைட்டில் அதிகபட்சம் ஏழு விநாடி. கடகடவென்று பேசுகிற பாத்திரத்தின் வசனத்தை முழுக்க அதில் அடைக்க முடியாது. வெட்டியது "பாருங்க", "அதாவது" போன்ற இட்டு நிரப்பலா, அல்லது பின்னால் கதைக்குத் தேவைப்படும் தகவலா என்பதைப் பாருங்கள். அடுத்த காட்சியில் எல்லோரும் தெரிந்ததுபோல் பேசும் ஒரு விஷயம் உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அப்போது சந்தேகப்படலாம்.

தடம் மாற்றியும் சரியாகாதபோது பதிப்பையோ சேவையையோ மாற்ற வேண்டியிருக்கும். சப்டைட்டிலை அணைத்தாலும் எழுத்து போகவில்லை என்றால் அது படத்திலேயே பதிந்தது. பதிப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சேவை மாற்றுவதில் அவசரம் வேண்டாம். ஒரு விநியோகஸ்தர் ஒரே சப்டைட்டில் கோப்பை இரண்டு சேவைகளுக்கும் கொடுத்திருக்கலாம். மாதச் சந்தா கட்டிவிட்டு அதே வரிகளைப் பார்க்க நேரும். கிடைத்தால் தனியாக வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள், உங்களை உறுத்திய அதே வசனத்துக்குப் போய்.

பதிப்பு மாறினால் வசனமே மாறும் என்பதற்கு, தாமஸ் ஆல்ஃபிரட்சன் இயக்கிய 2008-ஆம் ஆண்டு ஸ்வீடன் படமான 'லெட் தி ரைட் ஒன் இன்' நல்ல சாட்சி. 2009-இல் அமெரிக்காவில் அதன் டிவிடியும் ப்ளூரேவும் வந்தபோது, தியேட்டரில் ஓடிய சப்டைட்டிலுக்குப் பதில் வேறு ஒன்று இருந்தது. நகைச்சுவையும் நுட்பமும் உதிர்ந்து தட்டையாகிப்போன வரிகள். ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டி எதிர்த்தார்கள். அடுத்த அச்சில் தியேட்டர் வரிகளையே தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மாற்றித் தரவில்லை. பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கம் சப்டைட்டில் விவரத்தில் `English (Theatrical)` என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெறும் `English` என்றிருந்தால் அது பழைய அச்சு.